சொல்லைத் திருப்பினால் கொம்பு கழன்று போகிறது: திருகோணமலை எப்படி லமணோகுரித ஆனது?

உப்புவெளி வாசிகசாலை | 2025 மார்ச் 8, இரவு 9.40

எங்கள் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஒரு சொற்புதிர்த் தாள் கொடுக்கிறோம். விடைகளைத் தாளின் அடியில் பின்னிருந்து முன்னாக அச்சிட்டுவிடுவோம். கண் தவறிப் பார்த்தாலும் உடனே விடை தெரியாது, வேண்டுமென்றால் எழுத்தெழுத்தாக வாசித்துச் சரி பார்க்கலாம். இவ்வளவு நாளும் கையால் திருப்பி எழுதினேன். இந்தக் கிழமை நாற்பது சொல் இருந்ததால் பைத்தானிடம் விட்டேன்.

```python
s = "திருகோணமலை"
print(s[::-1])
```

வந்தது இது:

```
ைலமணோகுரித
```

வர வேண்டியது லைமணகோருதி. தாளை அடித்து, வெட்டி, கொடுத்தும் முடிந்தது. தொடக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் தெரிந்தது, அதைப் பிறின்டர் அழுக்கு என்று நினைத்துவிட்டேன். ஒரு பையன்தான் தாளைக் கொண்டுவந்து, "அண்ணா, இந்த ணோ எங்கேயிருந்து வந்தது? திருகோணமலையில ணோ இல்லையே" என்று விரல் வைத்துக் காட்டினான். அதற்குப் பிறகு பார்த்தால் நாற்பதில் முப்பதுக்கு மேல் பிழை. சரியாக எப்படித் திருப்புவது?

கொட்டியாரக்குடா | மார்ச் 8, இரவு 10.25

அந்தப் பையன் சரியான இடத்தில் விரல் வைத்திருக்கிறான். திருகோணமலை உங்களுக்கு ஆறு எழுத்து. கணினிக்கு அது பத்துக் குறியெண்:

```
த 0BA4   ி 0BBF   ர 0BB0   ு 0BC1   க 0B95
ோ 0BCB   ண 0BA3   ம 0BAE   ல 0BB2   ை 0BC8
```

உயிர்மெய் என்று தனியாக ஒன்றும் கோப்பில் இல்லை. மெய்க்கு ஒரு எண், அதன் பின்னால் விசிறிக்கோ கொம்புக்கோ இன்னொரு எண், அவ்வளவுதான். லை என்று எழுதும்போது கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் கோப்பில் ல முதலில், ை பிறகு. குறி எப்போதும் தனக்கு முந்திய எழுத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் விதி.

நீங்கள் பத்தையும் அப்படியே புரட்டினீர்கள். இப்போது ஒவ்வொரு குறிக்கும் முன்னால் வேறு ஒரு எழுத்து வந்து நிற்கிறது. ககரத்தின் ோ, ணகரத்தைப் பிடித்துக்கொண்டது. ரகரத்தின் ு ககரத்துக்குப் போனது. தகரத்தின் ி ரகரத்துக்குப் போனது. கடைசி ை மட்டும் முதலிடத்துக்கு வந்து, பிடிக்க ஆள் இல்லாமல் புள்ளி வட்டத்தோடு நிற்கிறது. அந்த வட்டம் அழுக்கு இல்லை, "இந்தக் குறிக்குத் தாய் எழுத்து இல்லை" என்று எழுத்தை வரையும் மென்பொருள் சொல்வது.

இதில் கவனிக்க வேண்டியது, பிழை ஒரு இடத்தில் மட்டும்தான் கண்ணில் படும். ணோ, கு, ரி மூன்றும் நல்ல தமிழ் எழுத்துகள். சொல் அகர எழுத்தில் முடிந்தால் வட்டமே வராது, பிழை முழுவதும் ஒளிந்துவிடும்.

மெயின் வீதி பிரிண்டர் | மார்ச் 8, இரவு 10.50

இதுக்கு ஏன் கோட்? நான் ரீசேட்டுக்கு அடிக்கும்போது ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை. டிசைனைத் திறந்து கிடையாக ஃபிளிப் பண்ணினால் போதும், கொம்பும் கழறாது ஒன்றும் கழறாது. சூடு வைத்து அழுத்தினால் துணியில் நேராக வரும். ஒருமுறை ஃபிளிப் பண்ண மறந்து இருபத்தைந்து சேட்டில் கழகத்தின் பெயர் கண்ணாடியில் பார்த்தால்தான் வாசிக்கலாம் என்ற மாதிரி வந்துவிட்டது, அதிலிருந்து படத்தை மேசைக்கு முன்னால் ஒட்டி வைத்திருக்கிறேன்.

உப்புவெளி வாசிகசாலை | மார்ச் 9, காலை 6.30

பிரிண்டர் அண்ணா, நீங்கள் செய்வது படத்தைக் கண்ணாடி போலப் புரட்டுவது. எழுத்தின் உருவமே இடம் வலம் மாறும். எனக்கு எழுத்து நேராக இருக்க வேண்டும், வரிசை மட்டும் மாற வேண்டும்.

கொட்டியாரக்குடா சொன்னதை வைத்து என் நாற்பது சொல்லையும் இரவு மறுபடி பார்த்தேன். "மரம்" "்மரம" ஆகியிருந்தது, அதில் வட்டம் தெரிந்தது. "கிணற" என்று ஒரு துண்டுச் சொல் வைத்திருந்தேன், அது "றணிக" ஆகியிருந்தது. வட்டமே இல்லை. றணகி என்று வர வேண்டும். இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை, கூடவே மூலச் சொல்லை வைத்து ஒப்பிட்டால்தான் உண்டு.

புதுநிரலர் | மார்ச் 9, காலை 9.15

சுலபம். பைத்தானிலேயே இதற்கு வசதி இருக்கிறது. ஒரு எழுத்து ஒட்டிக்கொள்ளும் குறியா என்று `combining` சொல்லிவிடும். குறி என்றால் முந்தியதோடு ஒட்டிவிட்டுப் பிறகு திருப்புங்கள்.

```python
import unicodedata

def tiruppu(s):
    out = []
    for c in s:
        if out and unicodedata.combining(c):
            out[-1] += c
        else:
            out.append(c)
    return "".join(reversed(out))
```

கப்பல் கொடுத்துப் பார்த்தேன், ல்பப்க என்று சரியாக வந்தது. பிரெஞ்சுச் சொற்களிலும் சரி.

உப்புவெளி வாசிகசாலை | மார்ச் 9, பகல் 12.05

எனக்கும் கப்பல் சரியாக வந்தது. மரம், பழம், கடல் எல்லாம் சரி. ஆனால் திருகோணமலை முந்தைய மாதிரியே ைலமணோகுரித. அம்மாவைக் கொடுத்தால் "ாமம்அ". குற்று ஒட்டியிருக்கிறது, அரவு கழன்றுவிட்டது. குற்று இருக்கும் சொல்லில் மட்டும் வேலை செய்கிறது போல் தெரிகிறது, ஏன் என்று விளங்கவில்லை.

கொட்டியாரக்குடா | மார்ச் 9, இரவு 8.40

நீங்கள் கண்டது முழுக்கச் சரி, குற்று மட்டும்தான். புதுநிரலரின் யோசனையின் பாதை சரியானது: முதலில் ஒட்டு, பிறகு திருப்பு. கேட்ட கேள்விதான் வேறு.

`combining` குறியா இல்லையா என்று சொல்வதில்லை. ஒரே எழுத்தின் மேல் இரண்டு மூன்று குறிகள் வந்தால் அவற்றை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பதற்கு யூனிக்கோட் வைத்திருக்கும் வகுப்பெண்ணைத்தான் அது தருகிறது. பிரெஞ்சு மேற்குறிக்கு 230. தமிழ்க் குற்றுக்கு 9. தமிழ் உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் 0, ஏனென்றால் அவற்றை இடம் மாற்றி அடுக்க வேண்டிய தேவையே இல்லை. பைத்தான் 0 என்பதை "இல்லை" என்று எடுத்துக்கொள்கிறது. கப்பலில் இருக்கும் குறிகள் இரண்டுமே குற்று, அதனால் தப்பியது.

கேட்க வேண்டியது வகை. குறிகள் எல்லாவற்றின் வகையும் M என்று தொடங்கும்:

```python
import unicodedata

def ezhuthukal(s):
    out = []
    for c in unicodedata.normalize("NFC", s):
        if out and unicodedata.category(c)[0] == "M":
            out[-1] += c
        else:
            out.append(c)
    return out

def tiruppu(s):
    return "".join(reversed(ezhuthukal(s)))
```

முதல் எழுத்தை மட்டும் பார்க்கிறேன் என்பதைக் கவனியுங்கள். இணையத்தில் பல இடங்களில் `== "Mn"` என்று எழுதியிருப்பார்கள். தமிழில் ி என்பது Mc, ீ என்பது Mn. ஒரே விசிறியின் குறிலும் நெடிலும் வேறு வேறு வகை. Mn மட்டும் பார்த்தால் மீன் சரியாகத் திரும்பும், மின் உடையும்.

வாசிகசாலைக் கணினியில் கூடுதல் தொகுப்பு நிறுவ முடியுமென்றால் `regex` போட்டுக்கொள்ளுங்கள், அதில் `\X` என்று கேட்டால் யூனிக்கோட் விதிப்படி எழுத்துக்கூட்டங்களாகவே பிரித்துத் தரும், சிரிப்பு முகங்கள்கூட உடையாது. பைத்தானோடு வரும் `re` இல் அது இல்லை. பிரவுசரில் செய்வதென்றால் `Intl.Segmenter`. தமிழ்ச் சொற்கள் மட்டும் என்றால் மேலே உள்ளதே போதும்.

புதுநிரலர் | மார்ச் 9, இரவு 9.10

சரி, ஒத்துக்கொள்கிறேன். குறில் விசிறி உள்ள சொல் ஒன்றையாவது சோதித்திருக்க வேண்டும். ஆனால் ஒரு பொதுச் சோதனை இருக்கிறதே. திருப்பியதை மறுபடி திருப்பினால் பழைய சொல் வர வேண்டும். இதை நாற்பது சொல்லுக்கும் ஓட்டினால் பிழையைத் தானே பிடித்துவிடலாம்.

கொட்டியாரக்குடா | மார்ச் 9, இரவு 9.35

அந்தச் சோதனை இங்கே உதவாது. `s[::-1]` ஐ இரண்டு முறை ஓட்டுங்கள், ஒவ்வொரு முறையும் பழைய சொல் அச்சொட்டாக வரும். குறியெண்களைப் புரட்டிப் புரட்டினால் பழைய வரிசைதானே. பிழையான முறை முழு மதிப்பெண் வாங்கும் சோதனை அது.

எண்ணிக்கையைச் சோதியுங்கள். மூலத்தில் எத்தனை எழுத்தோ திருப்பியதிலும் அத்தனை எழுத்து, அதே எழுத்துகள். திருகோணமலையில் தி, ரு, கோ, ண, ம, லை. திருப்பியதிலும் இந்த ஆறுதான் இருக்க வேண்டும். ணோ வந்தால் அங்கேயே நிற்கும். அந்தப் பையன் செய்த சோதனை இதுதான்.

தமிழ் ரீச்சர் | மார்ச் 10, மாலை 4.20

தம்பிமார் கதைப்பதில் பாதி எனக்கு விளங்கவில்லை, ஆனால் எதைத் திருப்புவது என்ற கேள்விக்குத் தமிழில் பழைய விடை இருக்கிறது. மாலைமாற்று. முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒரே பாட்டு. நம் கோணேசரைப் பாடிய திருஞானசம்பந்தரே சீர்காழிக்கு ஒரு மாலைமாற்றுப் பதிகம் பாடியிருக்கிறார். முதல் பாட்டு:

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

இதில் யா என்பதை யகர மெய், ஆகார உயிர் என்று பிரித்துத் திருப்பவில்லை. யா முழுசாகப் பின்னால் போய் யாவாகவே நிற்கிறது. உயிர்மெய் பிரியாது. வகுப்பில் விகடகவி, தேருவருதே, மோருபோருமோ என்று பிள்ளைகளிடம் கேட்கும்போதும் இதே முறைதான். உங்கள் கணினி இவற்றை ஒத்துக்கொள்கிறதா?

உப்புவெளி வாசிகசாலை | மார்ச் 10, இரவு 8.00

ரீச்சர், நல்ல சோதனை தந்தீர்கள். இடைவெளியை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். 28 எழுத்து, 56 குறியெண், ஒவ்வொரு எழுத்திலும் ஒரு குறி. பழைய முறையில் "மாலைமாற்று இல்லை" என்றது. Mn மட்டும் பார்த்தபோது நீயும் ழீயும் ஒட்டி நின்றன, யாவும் மாவும் காவும் உடைந்தன. M என்று மாற்றியதும் ஒத்துக்கொண்டது.

விகடகவி, தேருவருதே சரி. மோருபோருமோ மட்டும் முதலில் தவறு என்றது. ஒரு மணித்தியாலம் முட்டினேன். திரையில் எந்த வித்தியாசமும் இல்லை. பிறகு `len` கேட்டேன். பத்து வர வேண்டிய இடத்தில் பதினொன்று. முதல் மோவை நான் ரைப் பண்ணினேன், கடைசித் துண்டை வேறொரு கோப்பிலிருந்து ஒட்டினேன். அங்கே ோ ஒரே குறியாக இல்லை, ே தனி, ா தனி. கொட்டியாரக்குடா கொடுத்த கோட்டில் இருந்த `normalize` வரியை நான் தேவையில்லை என்று வெட்டியிருந்தேன். திரும்பப் போட்டதும் சரியாகிவிட்டது.

கொட்டியாரக்குடா | மார்ச் 10, இரவு 8.30

அந்த வரியை விட்டுவிடாதீர்கள். ொ, ோ, ௌ மூன்றையும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாக, அல்லது கொம்பும் அதன் மறு பாதியுமாக. இரண்டும் சமம் என்பது யூனிக்கோட்டின் விதி, ஆனால் `==` அதைப் பார்க்காது. துண்டாக இருக்கும் கோவை வெறுமனே புரட்டினால் இன்னும் மோசம். ே, ா என்ற வரிசை ா, ே என்று மாறிவிடும். அதற்குப் பிறகு NFC போட்டாலும் சேராது, வரிசை பிழைத்துவிட்டதால். ஆகவே முதலில் NFC, பிறகு பிரிப்பு, பிறகு திருப்பு.

பழைய கம்போசிற்றர் | மார்ச் 11, காலை 7.45

நான் அச்சகத்தில் இருபது வருசம் பாமினி எழுத்துருவில் ரைப் பண்ணியவன். எங்களுக்கு இந்தப் பிரச்சினை வேறு மாதிரி. பாமினியில் திருகோணமலை இது:

```
jpUNfhzkiy
```

ரு ஒரே விசை, U. கோவுக்கு N, f, h மூன்று விசை, கொம்பு முதலில், அரவு கடைசியில், கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கிலேயே. லைக்கு i முதலில், y பிறகு. இதைத் திருப்பினால் yikzhfNUpj. தமிழில் ல, பிறகு கொம்பு போய் மகரத்துக்கு முன்னால் நின்று மை. ரு மட்டும் உடையாமல் அப்படியே இருக்கும். உங்கள் கோட் இதைக் காப்பாற்றுமா?

கொட்டியாரக்குடா | மார்ச் 11, பகல் 1.10

காப்பாற்றாது ஐயா. அந்தக் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், தமிழ் எழுத்துருவில் மட்டும் இருக்கிறது. அதில் கொம்பு பின்னால் வரும் எழுத்தைப் பிடிக்கிறது, விசிறி முன்னால் உள்ளதைப் பிடிக்கிறது. முதலில் யூனிக்கோடுக்கு மாற்றிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். வாசிகசாலைக்காரர் சொன்ன அந்த "வேறொரு கோப்பு" பாமினியிலிருந்து மாற்றியதாக இருக்கலாம். சில மாற்றிகள் கோவை விசை விசையாக மாற்றி ே, ா என்று துண்டாகவே விட்டுவிடும்.

உப்புவெளி வாசிகசாலை | மார்ச் 11, இரவு 9.20

ஓம், அது பழைய வாசிகசாலை மலரின் கோப்பு, மாற்றி எடுத்ததுதான்.

அதே கோப்பில் இன்னொன்று அகப்பட்டது. கௌரி என்ற பெயரைத் திருப்பினேன். ரிகௌ வர வேண்டும். வந்தது "ரிளகெ". கோட்டில் பிழை என்று நினைத்தேன். எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தால் கெ, ள, ரி என்று மூன்று இருந்தன. யாரோ ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் அடித்திருக்கிறார்கள். ஔவையும் அப்படித்தான், ஒகரமும் ளகரமும். NFC இதைத் தொடவில்லை, தொடவும் முடியாது, ஏனென்றால் ள உண்மையான எழுத்து. கெளுத்தி என்ற மீனில் அது சரியாகவே இருக்கிறது. ஆகவே "கெள வந்தால் கௌ ஆக்கு" என்றும் எழுத முடியவில்லை. பட்டியலில் இருந்தவற்றைக் கையால் திருத்தினேன். இத்தனை வருசமும் அந்த மலரை வாசித்த ஒருவருக்கும் தெரியாத பிழை, சொல்லைத் திருப்பியதும் வெளியே வந்தது.

புதுநிரலர் | மார்ச் 12, காலை 10.00

க்ஷ, ஸ்ரீ இரண்டையும் என்ன செய்வது? `\X` க்ஷவை க், ஷ என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஸ்ரீ "ரீஸ்" ஆகிவிடுகிறது. பிள்ளைகள் இரண்டையும் ஒரே எழுத்தாகத்தான் பார்ப்பார்கள். க, ், ஷ மூன்றும் அடுத்தடுத்து வந்தால் ஒன்றாகச் சேர் என்று ஒரு விதி போட்டால் போகிறது.

கொட்டியாரக்குடா | மார்ச் 12, இரவு 7.50

போடலாம், ஆனால் வேஷக்காரன் என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். வே, ஷ, க், கா, ர, ன். திருப்பினால் ன், ர, கா, க், ஷ, வே. இப்போது க்-உம் ஷ-வும் பக்கத்தில் வந்துவிட்டன. மூலச் சொல்லில் இல்லாத க்ஷ திரையில் முளைக்கும்: ன்ரகாக்ஷவே. உங்கள் விதியோடு இதை மறுபடி திருப்பினால் "வேக்ஷகாரன்" வரும், வேஷக்காரன் வராது. நீங்கள் முன்பு கேட்ட இரட்டைத் திருப்பல் சோதனை இந்த இடத்தில்தான் உதவுகிறது.

அச்சில் க்ஷ சேராமல் இருக்க வேண்டுமென்றால் க்-உக்கும் ஷ-வுக்கும் நடுவே U+200C என்ற கண்ணுக்குத் தெரியாத பிரிப்பானை வைக்கலாம். அச்சுக்குப் போகும் பிரதியில் மட்டும் வையுங்கள், ஒப்பிடும் பிரதியில் வைத்தால் மறுபடி `==` பொய் சொல்லும்.

தமிழ் ரீச்சர் | மார்ச் 12, இரவு 9.00

என்னைக் கேட்டால் ஸ்ரீயை இரண்டாகப் பிரிக்கலாம். உச்சரித்துப் பாருங்கள், ஸ், ரீ. ஒற்றெழுத்தைத் தனி எழுத்தாக எண்ணுவதுதான் நம் வழக்கம். அம்மா மூன்று எழுத்து என்றால் ஸ்ரீ இரண்டு எழுத்துத்தான். உருவம் சேர்ந்திருக்கிறது என்பதற்காக எண்ணிக்கை மாறாது.

புதுநிரலர் | மார்ச் 12, இரவு 9.25

ரீச்சர், புதிர்த் தாளில் ஒரு பெட்டிக்குள் ஒரு எழுத்து. ஸ்ரீயை இரண்டு பெட்டியில் போட்டால் எந்தப் பிள்ளை கண்டுபிடிக்கும்?

உப்புவெளி வாசிகசாலை | மார்ச் 15, பகல் 1.30

இன்றைய தாளை அடித்துக் கொடுத்தாயிற்று. நாற்பது சொல்லுக்கும் எழுத்து எண்ணிக்கைச் சோதனை ஓட்டினேன், பிறகு கண்ணாலும் பார்த்தேன். ஸ்ரீயும் க்ஷவும் உள்ள சொல் இரண்டு இருந்தன, இந்த முறை அவற்றை எடுத்துவிட்டேன். ரீச்சர் சொல்வதும் சரியாகப் படுகிறது, பெட்டிக் கணக்கும் சரியாகப் படுகிறது.

போன கிழமை ணோவைக் கண்டுபிடித்த பையன் இன்று தாளை வாங்கியதும் முதலில் அடியைத்தான் பார்த்தான். லைமணகோருதியைப் பின்னிருந்து விரல் வைத்து வாசித்துக்கொண்டு போய், லையில் விரலை நிறுத்தினான்.